பொருள்: 'ஃப்ரீ எர்த் சப்போர்ட்' தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாலிடெக்னிக்கின் தமிழ்வழி சிவில் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மண் சரியாமல் தடுக்க அடிக்கும், நங்கூரம் போட்ட ஷீட் பைல் சுவர் பற்றிய பாடத்தில் இரண்டு சொற்களில் நிற்கிறேன். ஒன்று, சுவரைப் பின்மண்ணில் புதைத்த நங்கூரத்தோடு இணைக்கும் டை ராட். பழைய குறிப்பில் 'கட்டுக்கம்பி' என்று இருக்கிறது. இன்னொன்று ஃப்ரீ எர்த் சப்போர்ட் முறை. அதற்குக் 'கட்டற்ற மண்தாங்கல்' என்று எழுதியிருக்கிறார்கள். வாசித்துக் காட்டினேன், வகுப்பில் ஒருவருக்கும் புரியவில்லை. உதவுங்கள்.

செல்வராஜ் எழுதியது:

அம்மா, கட்டுக்கம்பி என்றால் சைட்டில் பார் பெண்டர் இடுப்பில் சுருட்டி வைத்திருக்கிற மெல்லிய கம்பி. ஒரு சுவரையே பிடித்து நிறுத்தும் தடிக்கம்பிக்கு அந்தப் பெயர் வைத்தால் படிக்கிற பையன் படத்தையே தப்பாகப் போடுவான். டை ராட் என்றே விடுங்கள். ஷீட் பைலும் அப்படியே. முப்பது வருடமாக யாரும் வேறு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

இளங்கோ எழுதியது:

செல்வராஜ் ஐயா சொன்ன குழப்பம் உண்மை. ஆனால் அதற்குத் தீர்வு தமிழிலேயே உண்டு. 'இழுகம்பி' எனலாம். வினைத்தொகை, ஆதலால் ககரம் மிகாது. இழுக்கம்பி என்று அச்சாகிவிடக் கூடாது. இழுத்த, இழுக்கின்ற, இழுக்கும் என மூன்று காலமும் அதில் அடங்கும். கம்பி சுவரை இழுக்கிறதா, சுவர் கம்பியை இழுக்கிறதா என்ற கேள்விக்கும் அது இடம் தருகிறது.

நங்கூரம் பாரசீக 'லங்கர்' வழி வந்தது. அதை விட்டுவிட்டுக் 'கந்து' என்போம். யானையைக் கட்டும் தறி கந்து. குறளில் 'காதன்மை கந்தா' என்னுமிடத்தில் பற்றுக்கோடு என்ற பொருளில் வருகிறது. மண்ணுக்குள் புதைந்து சுவரைப் பிடித்திருக்கும் கட்டைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

கார்த்திகா எழுதியது:

இழுகம்பி எனக்குப் பிடித்திருக்கிறது. கந்து வேண்டாம் ஐயா, இன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே கந்துவட்டிதான் நினைவுக்கு வரும். நங்கூரம் மீனவர் வாயில் தினமும் புழங்கும் சொல். எங்கிருந்து வந்தால் என்ன?

ஃப்ரீ எர்த் என்பதற்குத் 'தளர்மண் தாங்கல்' சரியாக இருக்கும். மண் இறுக்கமில்லாமல் இருக்கும்போதுதானே இந்த முறை?

ரஷீத் எழுதியது:

கார்த்திகா, அங்கேதான் சிக்கல். தளர்மண் என்றால் எங்களுக்கு லூஸ் சாயில். இந்த முறை இறுகிய மணலிலும் செல்லும். 'ஃப்ரீ' மண்ணைச் சொல்லவில்லை, மண் தருகிற தாங்கலைச் சொல்கிறது. சுவரை இரண்டு இடத்தில் தாங்கிய விட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கம்பி, கீழே முன்பக்க மண். கீழ்நுனி அதிக ஆழம் போகவில்லை, அதனால் மண் அதைத் தாங்குகிறதே தவிர இறுகப் பிடித்துக்கொள்ளவில்லை; நுனி சற்றுத் திரும்பலாம். இன்னும் ஆழமாக அடித்தால் நுனி திரும்ப முடியாது, அங்கே சுவரின் வளைவு எதிர்ப்பக்கம் மாறும். அது ஃபிக்ஸ்டு முறை.

இளங்கோ எழுதியது:

அப்படியானால் 'அடியூன்றா முறை', 'அடியூன்றிய முறை' என்று வைக்கலாம். ஊன்றா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

ரஷீத் எழுதியது:

ஐயா, இரண்டு மீட்டருக்கு மேல் மண்ணில் இறங்கிய சுவரை ஊன்றவில்லை என்று எப்படிச் சொல்வது? 'மண்தாங்கு முறை', 'மண்பிடி முறை' என்று வைத்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெயரிலேயே தெரியும்.

மலர்விழி எழுதியது:

இது வகுப்பில் எடுபடும் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. கணக்கை இங்கேயே போடுகிறேன்.

தோண்டிய உயரம் 6 மீட்டர், அதற்குக் கீழே சுவர் மண்ணில் இறங்கும் ஆழம் D, கம்பி மேலிருந்து 1 மீட்டரில். இருபுறமும் ஒரே உலர்ந்த மணல். கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் 30 பாகை. பின்மண் 3(6+D)² தள்ளுகிறது, முன்மண் 27D² வரை எதிர்க்க முடியும். கம்பி இருக்கும் புள்ளியைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் கம்பி விசை கணக்கில் வராது, D மட்டும் மிஞ்சும். போட்டுப் பார்த்தால் D = 2.31 மீட்டர். பாதுகாப்புக்காக 30 விழுக்காடு கூட்டி 3.0 மீட்டர். அடுத்து விசைச் சமநிலை, T என்பது கம்பி விசை:

```
T = 3(6+D)² − 27D²
```

ஒரு மாணவர் இதில் 3.0 போட்டார். இரண்டு பக்கமும் 243. விடை சுழி! 'மிஸ், கம்பியே வேண்டாமா?' என்று கேட்டார். குறிப்பில் இரண்டு இடத்திலும் 'ஆழம்' என்றுதான் இருக்கிறது. அவர் மேல் என்ன தப்பு?

ரஷீத் எழுதியது:

தப்பு குறிப்பின் மேல்தான். 3 மீட்டர் ஆழத்தில் முன்மண் 243 வரை எதிர்க்க வல்லது, அவ்வளவுதான். அவ்வளவும் எதிர்க்கிறது என்று பொருள் இல்லை. தேவையான அளவுக்குத்தான் அது எதிர்க்கும். மாணவர் அந்த 3.0-ஐ அதே திருப்புத்திறன் கணக்கில் போட்டிருந்தால் இரு பக்கமும் ஒத்துப்போகாதது உடனே தெரிந்திருக்கும். விசையை 2.31-ஐ வைத்தே எடுக்க வேண்டும்: 207-இல் 144 போக 63 கிலோநியூட்டன், சுவரின் ஒவ்வொரு மீட்டருக்கும். 3 மீட்டருக்கு ஒரு கம்பி என்றால் கம்பிக்கு சுமார் 190.

கூடுதல் ஆழம் சேர்க்காமல், முன்மண்ணின் எதிர்ப்பை முதலிலேயே பாதியாக்கிக் கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. அதில் D 4.1 மீட்டர், கம்பி விசை 79 வரும். எந்த வழியில் போனீர்கள் என்று குறிப்பில் எழுதியே ஆக வேண்டும்.

கார்த்திகா எழுதியது:

அப்படியென்றால் முக்கியமான கலைச்சொல் இதுதான். முதலாவது 'கணக்கு ஆழம்', இரண்டாவது 'அடிக்கும் ஆழம்'. இரண்டுக்கும் ஒரே சொல் வரவே கூடாது.

செல்வராஜ் எழுதியது:

அடிக்கும் ஆழம் என்பதை எந்த மேஸ்திரியிடம் சொன்னாலும் புரியும், இதற்கு நான் சம்மதம். ஆனால் நான் பார்த்த சுவர் ஒன்று அடி நகர்ந்து சாயவில்லை. அடி அப்படியே நிற்க, மேல்பக்கம்தான் வெளியே வந்தது. கம்பியும் அறவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால், புதைத்த கான்கிரீட் கட்டைக்குப் பின்புறம் தரையில் சுவருக்கு இணையாக நீளமாக ஒரு வெடிப்பு. ஐந்து ரூபாய் நாணயத்தைக் குத்தாக விட்டால் உள்ளே போய்விடும். இடம் போதவில்லை என்று கட்டையைச் சுவரிலிருந்து நாலே மீட்டரில் வைத்திருந்தார்கள்.

ரஷீத் எழுதியது:

சறுக்கும் மண்ணோடு கட்டையும் சேர்ந்து போயிருக்கிறது. மலர்விழியின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 9 மீட்டர் உயரச் சுவருக்குச் சறுக்கும் ஆப்பு தரையில் 5.2 மீட்டர் வரை வரும். கட்டையின் அடி 2 மீட்டர் ஆழத்தில் என்றால் அதன் முன்னே எதிர்க்கும் ஆப்புக்கு 3.5 மீட்டர் வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது. ஆகக் கட்டை ஏறக்குறைய 9 மீட்டர் பின்னால் இருக்க வேண்டும். முதலில் போட்ட கணக்கில் இது வராது, தனியாகப் பார்க்க வேண்டும்.

இளங்கோ எழுதியது:

'ஆப்பு' நல்ல சொல், அதை மாற்ற வேண்டாம். 'மண்பிடி' எனக்கு உறுத்துகிறது. கோயிலுக்குப் பிடிமண் எடுக்கிற வழக்கம் உள்ள ஊரில் அது கைப்பிடி மண்ணையே நினைவூட்டும். 'மண்பற்று முறை' எனலாமே?

கார்த்திகா எழுதியது:

மண்பற்று என்றால் சொந்த ஊர்ப் பாசம் ஐயா!

மலர்விழி எழுதியது:

வியாழன் இரவு ஆகிவிட்டது. இழுகம்பி, நங்கூரக் கட்டை, மண்தாங்கு முறை, மண்பிடி முறை, கணக்கு ஆழம், அடிக்கும் ஆழம் என்று அனுப்புகிறேன். ஷீட் பைல் அப்படியே இருக்கும். மாணவரின் சுழி விடையையும் பயிற்சிக் கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன். நன்றி.

இளங்கோ எழுதியது:

மண்பிடிக்கு என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ஷீட் பைலுக்குத் 'தகட்டுமுளை' என்று தனி இழை தொடங்குகிறேன்.

செல்வராஜ் எழுதியது:

ஐயா, முளை என்றால் சைட்டில் நூல் பிடிக்க அடிக்கிற சின்னக் குச்சி.