சரிவான வாசலில் பின்னோக்கி நிறுத்தப் பயப்படுபவருக்கு எந்தச் சிறிய கார்?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

வணக்கம். எனக்கு வயது 43, உயரம் 152 சென்டிமீட்டர். லேர்னர்ஸ் எடுத்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. எங்கள் வீட்டு வாசல் தெருவிலிருந்து மேடாக ஏறுவதால், பின்னோக்கி ஏற்றும்போது கேட் தூண் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் தம்பியின் பெரிய காரை இருமுறை உரசிவிட்டேன். பழைய சுசுகி செலேரியோ, கியா பிகாண்டோ ஆகிய இரண்டில் ஒன்றை வாங்க எண்ணுகிறேன். பின்புறக் கேமரா இருந்தால் போதுமா?

பதில் 1 (ஃபீனிக்ஸ்)

அக்கா, உயரமான எஸ்.யு.வி. வாங்குங்கள். மேலே உட்கார்ந்தால் எல்லாம் தெரியும்.

பதில் 2 (ஓட்டுநர் பயிற்சியாளர், டர்பன்)

முன்னால் தெரிவது உண்மைதான். ஆனால் பின்கண்ணாடியின் கீழ்விளிம்பும் உயர்ந்துவிடுவதால் பின்னால் மறைவதும் கூடும். அம்மா, விற்பவரிடம் போகும்போது ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்கேற்ப இருக்கையை உயர்த்தி உட்கார்ந்து, பின்னால் புட்டியை நிறுத்தி, உள்கண்ணாடியில் அதன் மூடி தெரியும்வரை ஒருவரை நகர்த்தச் சொல்லி, அந்தத் தூரத்தை அடிகளால் அளந்துகொள்ளுங்கள். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் இருக்கையின் உயரத்தை மாற்றவே முடியாது. உங்கள் உயரத்துக்கு அதை முதலில் பார்க்க வேண்டும்.

கேமரா உதவும், ஆனால் அதன் கோடுகள் சமதரைக்கு வரையப்பட்டவை. பின்னால் தரை மேலேறும்போது பொருள்கள் உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகத் திரை காட்டும். உங்கள் வாசலில் அதுவே ஆபத்து. சென்சாரோ ஏறும் சிமெண்டுத் தரையையே தடையென எண்ணிக் கத்தக்கூடும். தூண் உரசுவது பெரும்பாலும் பக்கவாட்டில் என்பதால், பக்கக் கண்ணாடிகளைச் சற்றுக் கீழே சாய்த்துப் பின்சக்கரம் தெரியும்படி வைத்துக்கொண்டு, நின்று நின்று ஏற்றுங்கள்.

பதில் 3 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

என் மாமியார் கே53 தேர்வில் மேட்டில் வண்டி பின்னால் உருண்டதால் தோற்றார். பிறகு ஆட்டோமேட்டிக்கில் தேர்வெழுதித் தேறினார். தேர்வுக்கு அதுவே சுலபம்.

பதில் 2 (மீண்டும்)

கேள்வி தேர்வைப் பற்றியதன்று. இருந்தாலும் ஆட்டோமேட்டிக்கில் தேறினால் உரிமம் அவ்வகை வண்டிக்கு மட்டுமே என்பதை முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். செலேரியோவின் ஆட்டோமேட்டிக், உள்ளே கிளட்ச் வைத்துத் தானே மிதித்து விடும் ஏ.எம்.டி. வகை, மேட்டில் ஊர்ந்து ஏற்றும்போது தயங்கித் துள்ளும், பின்னால் சற்று வழுக்கவும் கூடும். பிகாண்டோவின் பழைய 4 கியர் ஆட்டோமேட்டிக் இவ்விஷயத்தில் மென்மையானது, பெட்ரோல் சற்றுக் கூடுதலாகக் குடித்தாலும். எதுவானாலும் உங்கள் வாசலிலேயே ஒருமுறை ஏற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்

நன்றி, ஐயா. நேற்று புட்டியுடன் சென்றேன். செலேரியோவில் எட்டு அடி எடுத்துவைத்த பிறகே மூடி தெரிந்தது, பிகாண்டோவில் ஒன்பது. ஆனால் அந்த பிகாண்டோவில்தான் இருக்கையை உயர்த்த முடிந்தது. கியர் வகையில் தம்பிக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. விற்பவர் சனிக்கிழமை வண்டியை எங்கள் வாசலுக்குக் கொண்டுவரச் சம்மதித்துள்ளார்.