உதவி: ஆண்டு மலரின் பிடிஎஃப் கோப்பு அச்சகக் கணினியில் மட்டும் திறக்க மறுக்கிறது

மோல்மீன் மலர்க்குழு
அனைவருக்கும் வணக்கம். எங்கள் கோயிலின் ஆண்டு மலர் நாளை மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். வீட்டிலும் கைப்பேசியிலும் ஒழுங்காகத் திறக்கின்ற கோப்பு, அச்சகத்தில் மட்டும் பழுதடைந்துவிட்டதாகச் சொல்லி நின்றுவிடுகிறது. மூன்று முறை பென்டிரைவில் கொண்டுபோய்ப் பார்த்தும் பலனில்லை. தெரிந்தவர்கள் விரைவாக வழி சொல்லுங்கள்.

பெகு மாணவன்
அண்ணன், அச்சகக் கணினியில் எந்த விண்டோஸ், எந்தப் படிப்பான் இருக்கின்றன? திரையில் வந்த செய்தியையும் அப்படியே எழுதுங்கள்.

தட்டோன் ஆசிரியை
எனக்கும் இதே தொல்லை இருந்தது. வினாத்தாளை வேறு கணினியில் திறந்தால் கொம்பும் காலும் தனித்தனியாக விலகி நிற்கும். எழுத்துருவைக் கோப்புக்குள் சேர்த்து அனுப்பிய பிறகுதான் சரியாயிற்று. உங்களுக்கும் எழுத்துருதான் காரணமாக இருக்கும்.

ரங்கூன் பழையவர்
ஆசிரியை அவர்கள் சொல்வது வேறு நோய். எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்து சிதையுமே தவிர, கோப்பே திறக்காமல் போகாது. கேள்வி கேட்பவர் கோப்பு எப்படி உருவானது என்பதைக்கூடச் சொல்லாமல் அவசரம் என்று மட்டும் எழுதினால், இங்கே உட்கார்ந்து சோதிடமா பார்க்க முடியும்? பிடிஎஃப் வடிவத்தின் பதிப்பெண்தான் பிரச்சினை. கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியில் `%PDF-1.6` என்றிருப்பதை `%PDF-1.4` என்று மாற்றிச் சேமித்துவிடுங்கள்.

மோல்மீன் மலர்க்குழு
மன்னிக்க வேண்டும் ஐயா. அச்சு இயந்திரத்தோடு இணைந்திருப்பது விண்டோஸ் 98 கணினி. அதில் இருப்பது அக்ரோபாட் ரீடர் 5. வேறு கணினியை அந்த இயந்திரத்தோடு இணைக்க முடியாது என்கிறார்கள். வந்த செய்தி இது:

```
There was an error opening this document.
The file is damaged and could not be repaired.
```

மலரை வடிவமைத்தவர் கொடுத்த கோப்பு மிகப் பெரியதாக இருந்ததால், இணையத்தில் ஒரு சேவை மூலம் சுருக்கித்தான் எடுத்துப்போனேன். இப்போது அவர் ஊரில் இல்லை. மூலக் கோப்பும் அவரிடம்தான் இருக்கிறது.

அச்சுக்கோவை
சுருக்கினேன் என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியில்தான் விடை இருக்கிறது, தம்பி. பழையவர் ஐயா சொன்னதுபோல முதல் வரியை மாற்றாதீர்கள். நோட்பேடில் சேமித்தால் உள்ளே இருக்கும் இருமத் தரவு கெட்டு, இப்போது நன்றாக இருக்கும் கோப்பும் உண்மையாகவே பழுதாகிவிடும். எண்ணை ஒழுங்காக மாற்றினாலும் பயனில்லை. தனக்குத் தெரிந்ததைவிடப் புதிய எண்ணைக் கண்டால், ரீடர் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டுத் திறக்கத்தான் முயலும். எண் என்பது மேலே ஒட்டிய சீட்டு. உள்ளே என்ன பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதே தடையாகிறது.

ரீடர் 5 என்பது 2001ஆம் ஆண்டின் பிடிஎஃப் 1.4 பதிப்புக்காக எழுதப்பட்டது. அதுவரை, கோப்பின் ஒவ்வொரு பகுதியும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற அட்டவணை, கோப்பின் கடைசியில் வெறும் எண்களாக, எவரும் படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கும். 2003இல் வந்த 1.5, அந்த அட்டவணையையே சுருக்கி வைக்கவும், சிறு பகுதிகள் பலவற்றை ஒரே பொட்டலமாகக் கட்டிச் சுருக்கவும் இடம் கொடுத்தது. சுருக்கும் சேவைகள் இதை விரும்பிச் செய்கின்றன. பழைய ரீடர் கடைசிக்குப் போய் அட்டவணையைத் தேடுகிறது. கிடைக்காததால் கோப்பைத் தானே சீர்செய்யப் பார்க்கிறது. பகுதிகள் பொட்டலத்துக்குள் இருப்பதால் அதுவும் முடியாமல் பழுது என்று அறிவிக்கிறது. உங்கள் பென்டிரைவில் குறையில்லை.

நீங்களே உறுதிசெய்யலாம். கோப்பின் கடைசிப் பகுதியைப் பாருங்கள், ஆனால் சேமிக்காதீர்கள். `trailer` என்ற சொல் இருந்தால் பழைய முறை. அது இல்லாமல் `/Type /XRef` என்றிருந்தால் புதிய முறை. அத்துடன் வீட்டுக் கணினியில், பிடிஎஃப் கோப்புகளைச் சோதிக்கவும் மாற்றவும் உதவும் `qpdf` என்ற கட்டளை நிரலை இப்படி ஓட்டி, வருவதை இங்கே இடுங்கள்:

```
qpdf --check malar.pdf
```

மோல்மீன் மலர்க்குழு
`/Type /XRef` இருக்கிறது, ஐயா. கட்டளைக்கு வந்த விடை:

```
PDF Version: 1.6
File is not encrypted
```

அச்சுக்கோவை
பூட்டு இல்லை என்பது நல்ல செய்தி. 1.6இல் வந்த ஏ.இ.எஸ். குறியாக்கம் இருந்திருந்தால் முதலில் அதை நீக்க வேண்டியிருக்கும். இப்போது பொட்டலங்களை அவிழ்த்துப் பழைய அட்டவணையை எழுதினால் போதும்:

```
qpdf --object-streams=disable malar.pdf malar-2.pdf
```

இது பக்கங்களின் உள்ளடக்கத்தை மாற்றாது; கோப்பின் அளவு மட்டும் சற்றுக் கூடும். பதிப்பெண்ணை இதில் நான் தொடவில்லை. ஆகவே ரீடர் எச்சரித்தால் சரி என்று அழுத்திவிட்டுத் தொடருங்கள்.

பெகு மாணவன்
இவ்வளவு சுற்று எதற்கு? நீண்ட காலம் காப்பதற்கென்று உள்ள பிடிஎஃப்/ஏ வடிவில் சேமித்தாலே எல்லா இடத்திலும் திறக்குமே.

அச்சுக்கோவை
பாதி சரி, தம்பி. பிடிஎஃப்/ஏ-1 மட்டுமே 1.4ஐ அடிப்படையாகக் கொண்டது. பிடிஎஃப்/ஏ-2 என்பது 1.7ஐ ஒட்டியது, இதே பொட்டலங்களை அது அனுமதிக்கிறது. எண்ணைக் கவனிக்காமல் ஏ என்று மட்டும் தேர்ந்தெடுத்தால் இதே இடத்தில்தான் வந்து நிற்போம்.

மோல்மீன் மலர்க்குழு
திறந்துவிட்டது! எல்லோருக்கும் நன்றி. ஆனால் 7ஆம் பக்கத்திலும் 12ஆம் பக்கத்திலும் படங்கள் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருக்கிறது. மற்றப் படங்கள் தெரிகின்றன.

அச்சுக்கோவை
எதிர்பார்த்ததுதான். `pdfimages -list malar-2.pdf` என்று கொடுத்து, `enc` என்ற தலைப்பின் கீழ்ப் பாருங்கள். அந்த இரண்டு பக்கங்களுக்கும் `jpx` என்றும் மற்றவற்றுக்கு `jpeg` என்றும் வரும். `jpx` என்பது ஜேபெக் 2000; அதுவும் 1.5இல்தான் நுழைந்தது. பக்கம் திறந்தாலும் அந்தப் படத்தை விரிக்க ரீடர் 5க்குத் தெரியாது. `qpdf` படத்துக்குள் கை வைக்காது. அதனால் இங்கே கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல் வேண்டும்:

```
gs -sDEVICE=pdfwrite -dCompatibilityLevel=1.4 -o malar-3.pdf malar.pdf
```

விண்டோஸில் `gs` என்பதற்குப் பதிலாக `gswin64c` என்று தட்டுங்கள்.

ரங்கூன் பழையவர்
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் படங்களின் தரத்தைக் குறைத்துவிடும் என்பது அச்சுத் தொழிலில் இருப்பவர் அனைவருக்கும் தெரியும்.

அச்சுக்கோவை
`/screen`, `/ebook` போன்ற அமைப்புகளைக் கொடுத்தால்தான் படப்புள்ளிகள் குறைக்கப்படும். நான் அவற்றைக் கொடுக்கவில்லை. `jpx` படங்களை எந்த வழியில் போனாலும் விரித்து மறுபடி சுருக்கியே ஆக வேண்டும். முதலில் சொல்லாததற்கும் காரணம் உண்டு: `qpdf` கோப்பின் கட்டமைப்பை மட்டும் மாற்றுகிறது, இது மொத்தக் கோப்பையும் படித்துப் புதிதாக எழுதுகிறது. படிவங்கள் போன்றவை அதில் காணாமல் போகலாம். மலரில் அவை இருக்காது என்று நினைக்கிறேன்.

ரங்கூன் பழையவர்
அச்சுக்கென்றால் 1.3க்கே இறக்குவதுதான் பாதுகாப்பு. நாங்கள் அப்படித்தான் செய்து பழக்கம்.

அச்சுக்கோவை
1.3இல் ஒளிபுகும் தன்மை கிடையாது. நிழலோ மங்கலான பின்னணியோ உள்ள பக்கங்களைக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் முழுப்படமாக்கிவிடும். அதிலுள்ள தமிழ் எழுத்தும் படமாகிக் கோப்பு பெருத்துவிடும். அச்சு இயந்திரத்தின் மென்பொருள் ஒளிபுகுதலை ஏற்காது என்று தெரிந்தால் மட்டும் அதைச் செய்யலாம். தம்பி, அட்டையில் தலைப்பின் பின்னால் நிழல் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அட்டையை மட்டும் முதலில் ஒரு தாளில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிழல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம் விழுந்தால், அட்டையைத் தனிக் கோப்பாகப் பிரித்து அதை மட்டும் 1.3க்கு மாற்றலாம்.

மோல்மீன் மலர்க்குழு
படங்கள் வந்துவிட்டன. அச்சகத்துக்குப் புறப்படுகிறேன்.

தட்டோன் ஆசிரியை
அச்சுக்கோவை ஐயா, சென்ற ஆண்டு நான் தயாரித்த பாடக்குறிப்பும் பள்ளிக் கணினியில் இதே பழுதுச் செய்தியைக் காட்டியது. அதன் கடைசியில் `trailer` என்ற சொல்லும் இருக்கிறது, `/XRefStm` என்றும் இருக்கிறது. இது எந்த வகை?

அச்சுக்கோவை
அது இரண்டுக்கும் இடைப்பட்டது, அம்மா. பழைய ரீடருக்கு ஓர் அட்டவணையும் புதியதற்கு ஒன்றும் சேர்த்து வைத்த கோப்பு. பழையதிலும் திறக்கும்படி செய்யப்படுவது. அதுவே திறக்கவில்லையென்றால் காரணம் அட்டவணை அல்ல. `qpdf --check` கொடுத்து, பூட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.