சாவி இருக்கிறது, படம் இல்லை

உவர்மலைத் தம்பி
அப்பாவுக்கு விபிஎன் போட ஒரு பக்கத் தாள் எழுதிக் குடுத்த ஆக்கள் இங்க கன பேர் இருப்பீங்கள், அதால நேரா விசயத்துக்கு வாறன். அண்ணாட டொரொன்டோ வீட்டில சின்னப் பெட்டி ஒண்டு ஓடுது, குடும்பப் படம் வீடியோ எல்லாம் அதிலதான், உள்ள போறதெண்டா WireGuard எண்ட விபிஎன் ஆப்பாலதான். நான் கொழும்பில. அப்பா வீட்டில டேப்போட. அவர் நில அளவையில 30 வருசத்துக்கு மேல இருந்து ரிட்டயர் ஆனவர், தாளில எழுதினா எழுதினபடி செய்வார், ஒரு எழுத்தும் பிசகாது.

நான் எழுதிக் குடுத்தது இதுதான். சிவப்புப் படத்தில வெள்ளைப் பாம்பு மாதிரி இருக்கிறதை அமத்துங்கோ, "வீடு" எண்ட பேருக்குப் பக்கத்தில இருக்கிற சுவிச்சை வலப்பக்கம் தள்ளுங்கோ, மேல சின்னச் சாவி வந்தா சரி, பிறகு "எங்கட படங்கள்" திறவுங்கோ. நாலு வரி. ரெண்டு மாசம் ஒரு பிரச்சினையும் இல்லை.

ஆவணி லீவுக்கு வீட்ட போனா அந்தத் தாளிட பின்பக்கம் முழுக்கப் பென்சில். வெள்ளி பி.ப. 6.40, சாவி இருக்கிறது, படம் இல்லை. சனி மு.ப. 7.15, சாவி இருக்கிறது, படம் இல்லை. சனி இரவு அதே. ஞாயிறு மூண்டு தரம். திங்கள் பி.ப. 4.30, சாவி இருக்கிறது, படம் வந்தது. அளவைப் புத்தகத்தில எழுதிற மாதிரி அந்தந்த நேரத்தைப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் சரி அடையாளம் வேற. எனக்கு ஒரு கோலும் எடுக்கேல்ல. ஏனப்பா எண்டு கேட்டா "நீ சாவி வந்தா சரி எண்டுதானே எழுதியிருக்கிறாய், அப்ப பிழை என்னிலதானே தம்பி" எண்டார். அது இன்னும் நெஞ்சுக்குள்ள நிக்குது.

அதே மூண்டு நாளும் அக்காட போனில அதே வீட்டுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லாமப் போயிருக்கு. ஒருத்தரும் ஒண்டும் தொடேல்ல. திங்கள் தானா எப்பிடி வந்தது?

சும்மா வந்தவன்
டொரொன்டோ வீட்டிட ஐபி மாறியிருக்கும் ப்ரோ. எனக்கும் நடந்தது, மாமாட வீட்டில. அந்த வீட்டிட இன்டர்நெட் பேரை வச்சு ஐபி தேடுறது சுவிச்சைப் போடுற அந்த நேரத்தில மட்டும்தான், பிறகு வீட்டு ஐபி மாறினாலும் டேப் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். அணைச்சுப் பத்து எண்ணிட்டுப் போட்டா சரி. மாமாக்குத் தாளில அதை மட்டும்தான் எழுதிக் குடுத்தன், வருசக்கணக்கா ஓடுது.

மூதூர் மச்சான்
ஃப்ரீ விபிஎன் எது நல்லது எண்டு கேக்கிறீங்களோ? எதையும் போடாதீங்க எண்டுதான் நான் சொல்லுவன். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு பேஸ்புக் வாட்சப் எல்லாம் நிப்பாட்டினாங்களே, அப்ப வாப்பாக்கு ஆரோ ஒரு ஃப்ரீ விபிஎன் போட்டுக் குடுத்தது, போன் மாறி டேப்புக்கும் அது வந்திட்டுது, அவருக்கு அது இருக்கிறதே தெரியா. போன வருசம் நாங்க குடும்பத்துக்கு எண்டு ஒண்டு வச்சம், போட்டுக் கொஞ்ச நேரத்தில விழுந்து போகும், திருப்பிப் போட்டா திருப்பி விழும். ஒரு நேரத்தில ஒரு விபிஎன்தான் ஆண்ட்ராய்ட் விடும், புதுசு வந்தா பழசு போயிடும், அந்த ஃப்ரீக்காரன் தானாத் திருப்பித் திருப்பி எழும்பி எங்கடதைத் தள்ளிட்டு இருந்திருக்கான். கூத்து என்னெண்டா சாவி அப்பவும் மேல இருந்தது. அவன்ட சாவி!

வாப்பா "சாவி இருக்குடா இருக்குடா" எண்டு கத்திறார், நான் கிண்ணியாப் பாலத்தில பைக்கை நிப்பாட்டி வச்சுப் போனில நானும் கத்திறன், போறவன் வாறவன் எல்லாம் பாக்கிறான்.

டொக்யாட் றோட்டுக்காரி
தம்பி, சும்மா வந்தவன் சொல்றது உண்மை, ஆனா உங்கட கேசுக்கு ஒத்து வராது. உங்கட அப்பா சுவிச்சைத் தள்ளிறதில இருந்துதான் ஒவ்வொரு தரமும் தொடங்கியிருக்கிறார், அப்ப ஒவ்வொரு தரமும் புதுசாத்தான் ஐபி தேடியிருக்கும்.

முதல்ல சாவிக் கதை. உங்கட மூண்டாவது வரிதான் பிழை, அப்பாட பிழை இல்லை. அந்தச் சாவி சொல்றது "டேப் தன்ட பக்கத்தால வாசலைத் திறந்திட்டுது" எண்டு மட்டும்தான். அங்கால ஆள் இருக்கோ இல்லையோ அதுக்குத் தெரியா, WireGuard தன்ட பாட்டில பேசாம இருக்கும், சிவப்பு எழுத்தில எரர் ஒண்டும் போடாது. உண்மை பாக்கிறதெண்டா "வீடு" எண்ட பேரை அமத்தினா கீழ Transfer எண்டு ஒரு வரி வரும். tx ஏறிக்கொண்டு போகுது, rx சைபரில நிக்குது எண்டா நாங்க கூப்பிடுறம், அங்கால பதில் இல்லை. அந்த நேரம் அப்பா அதைப் பாத்தவரோ?

ரெண்டாவது, திகதி. வெள்ளி பின்னேரத்துக்கு முதல் அந்த டேப் ஆற்றயும் கையில போனதோ? ஆரும் திகதியை முன்னுக்குத் தள்ளினதோ? ஏன் கேக்கிறன் எண்டா, WireGuard ஒவ்வொரு தரம் கைகுலுக்கும்போதும் டேப்பிட நேரத்தையும் சேத்து அனுப்பும். அங்கால இருக்கிற பெட்டி இந்த டேப்பிட்ட இருந்து வந்த கடைசி நேரம் எது எண்டு ஞாபகம் வச்சிருக்கும், அதுக்குப் பிந்தின நேரம் வந்தாத்தான் கதவு திறக்கும். ஆரும் பழைய தந்தியைப் பிடிச்சு வச்சுத் திருப்பி அனுப்பி ஏமாத்தக் கூடாது எண்டதுக்காக அப்பிடி. இப்ப வெள்ளி நாலு மணிக்கு ஆரோ திகதியைத் திங்கள் நாலு மணிக்குத் தள்ளி, அந்த நேரம் விபிஎன்னும் போட்டு இருந்தா, பெட்டி "இவன்ட கடைசி நேரம் திங்கள் நாலு" எண்டு எழுதி வச்சிடும். பிறகு திகதியைச் சரியாக்கிட்டாலும் வெள்ளி, சனி, ஞாயிறு எண்டு போறதெல்லாம் அதுக்குப் பழைய தந்திதான். உண்மையான திங்கள் நாலு மணி தாண்டினாத் தானாத் திறக்கும். உங்கட அப்பா எழுதின 4.30 தான் எனக்கு அதை நினைப்பூட்டினது.

அக்காட போனுக்கு வேற திறப்பு, வேற கணக்கு, அதால அதுக்கு ஒண்டும் நடக்கேல்ல. நேரவலயம் பிழையா இருந்தாப் பரவாயில்லை, அது உலக நேரத்தில கணக்குப் போடும். திகதியைக் கையால மாத்தினாத்தான் வில்லங்கம். அவசரமெண்டா அண்ணா அந்தப் பெட்டியில WireGuard-ஐ ஒருக்கா அணைச்சுப் போட்டாலும் ஞாபகம் அழியும், மூண்டு நாள் காத்திருக்கத் தேவையில்லை.

சும்மா வந்தவன்
அக்கா இது படிக்க நல்லா இருக்கு, ஆனா நேரத்தால விபிஎன் போகுமெண்டு நான் ஒரு இடத்திலயும் கேள்விப்படேல்ல. 100ல 99 ஐபிதான்.

டொக்யாட் றோட்டுக்காரி
அந்த 99லயும் அக்காட போன் வேலை செய்யாதே தம்பி.

ரிட்டயர்ட் டீச்சரிட மகள்
எங்கட அம்மாவுக்கு முதல் நாளே நிண்டு போச்சு. முதல் தரம் சுவிச்சைத் தள்ளினா ஒரு பெட்டி வரும், Connection request எண்டு, கீழ monitor network traffic, நம்பினா மட்டும் ஒத்துக்கொள்ளுங்கோ எண்டெல்லாம் போட்டிருக்கும். என்ட தாளில அது இல்லை, ஏனெண்டா என்ட போனில நான் அதை எப்பவோ அமத்தி மறந்திட்டன். அம்மா 34 வருசம் இங்கிலீஷ் படிப்பிச்சவ. கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் வாசிச்சு, Cancel அமத்தி, டேப்பை அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டா. "கண்ட OK எல்லாம் அமத்தாதீங்கோ எண்டு நீதானே பிள்ளை சொன்னனி." சொன்னது நான்தான். என்னத்தைச் சொல்ல.

பாலையூற்று அண்ணன்
எங்கட மாமிக்கும் ஒரு தாள் குடுத்தன், தொலைச்சிட்டா, அவ்வளவுதான் என்ட கதை. ஆனா நீங்க எல்லாரும் தாளைச் சரியா எழுதேல்ல எண்டுதான் எனக்குப் படுது. எழுத்து 18க்குக் குறையக் கூடாது. டேப் தமிழில இருந்தா தாளில Settings எண்டு போட்டு வேலையில்லை, "அமைப்புகள்" எண்டு போடுங்கோ, திரையில என்ன இருக்கோ அதே எழுத்து. படம் உங்கட போனில எடுத்து ஒட்டாதீங்கோ, அவையளிட டேப்பிலேயே எடுங்கோ, இடம் மாறியிருக்கும். முக்கியமா WireGuard-ஐ டேப்பில ஏத்துற அந்தக் கியூஆர் கோடைத் தாளில பிரிண்ட் பண்ணாதீங்கோ. கன பேர் வசதிக்கு எண்டு பண்ணினம். அதுக்குள்ள வீட்டுத் திறப்பே இருக்கு, கொமினிகேஷன் கடைக் கம்பியூட்டரில அந்த ஃபைல் கிடக்கும், நாளைக்கு ஆர் வேணுமெண்டாலும் ஸ்கான் பண்ணலாம். ஒரு கோடை ரெண்டு டேப்புக்கும் போடாதீங்கோ, அப்பா போட்டா அம்மாட அறும், அம்மா போட்டா அப்பாட அறும், ரெண்டு பேரும் ஒராளை ஒராள் பேசுவினம். பிறகு எல்லாத்தையும் விபிஎன்னுக்குள்ளால அனுப்பாதீங்கோ, படம் மட்டும் போனாக் காணும், இல்லாட்டி நீங்க கனடாவில இருந்து வாறீர் எண்டு நினைச்சு பாங்க் ஆப் பூட்டும். WireGuard ஃபைலில வீட்டு நம்பர் மட்டும் இருக்கட்டும், இப்பிடி:

```
AllowedIPs = 10.8.0.0/24
PersistentKeepalive = 25
```

10.8 இடத்தில உங்கட நம்பரைப் போடுங்கோ. கடைசியா லமினேட் பண்ணுங்கோ, உப்புக் காத்துக்குத் தாள் ரெண்டு மாசத்தில இளகிப் போகும்.

சும்மா வந்தவன்
எல்லாத்தையும் விபிஎன்னுக்குள்ளால அனுப்பினாத்தானே பாதுகாப்பு? இல்லாட்டி என்னத்துக்கு விபிஎன்?

பாலையூற்று அண்ணன்
பேரப்பிள்ளையளிட படம் பாக்கிறதுக்கு.

உவர்மலைத் தம்பி
டொக்யாட் றோட்டு அக்கா, இப்பதான் அப்பாட்டக் கேட்டன். சனிக்கிழமை அந்தப் பேரை அமத்திப் பாத்தவராம், தாளிட மூலையில "rx 0" எண்டு எழுதியிருக்கு, நான் அதை ஏதோ மருந்துக் குறிப்பு எண்டு நினைச்சு விட்டுட்டன். வெள்ளி மத்தியானம் அக்காட மகன் வந்து போயிருக்கிறான், பத்து வயசு. அவன் விளையாடுற கேமில உயிர் முடிஞ்சா மூண்டு நாள் காத்திருக்கவேணும், திகதியைத் தள்ளினா உடன வரும். கேட்டா "நான் இல்லை மாமா" எண்டிறான். கொஞ்சம் விட்டு "அது எப்பிடித் தெரியும்?" எண்டும் கேட்டான். நீங்களே முடிவு பண்ணுங்கோ.

தாளை மாத்திட்டன். சாவி வரியை எடுத்திட்டு "படம் திறந்தாத்தான் சரி" எண்டு போட்டன். திறக்காட்டி அணைச்சுப் பத்து எண்ணிப் போடுங்கோ, அப்பவும் இல்லாட்டி இன்டர்நெட்டில பேப்பர் ஒண்டைத் திறந்து பாருங்கோ, அதுவும் இல்லாட்டி எங்கட வைபைதான் இல்லை, பேப்பர் வந்து படம் மட்டும் வராட்டி எனக்கு ஒரு கோல். அப்பா வாசிச்சிட்டுப் பென்சிலால அஞ்சாவதா ஒண்டு சேத்திருக்கிறார்: "பேரன் வந்து போனால் திகதி பார்க்கவும்."

பாலையூற்று அண்ணன், லமினேட் பண்ணினா அவர் எதில எழுதுறது?

பாலையூற்று அண்ணன்
பின்பக்கத்தை விட்டிட்டு முன்பக்கத்துக்கு மட்டும் ஒட்டலாமோ தெரியா. கடையில கேட்டுப் பாருங்கோ.