இன்ஸ்டாவில் போட்டது ஃபேஸ்புக்கில் வேறு மாதிரி நிற்கிறது, உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

நூல்கண்டு:
என் இன்ஸ்டா கணக்கு பிரைவேட். நான் தைக்கிற துணிப்பைகளின் படத்தை அதில் போடுவேன், தெரிந்தவர்கள் மட்டும் வாங்குவார்கள். கடைசியாக ஒரு பை போட்டபோது, எம்பிராய்டரி செய்த தோழியை படத்தின் மேலும் டேக் செய்தேன், கேப்ஷனிலும் @ போட்டு அவள் ஐடியை எழுதினேன், கீழே “ஆர்டர் செய்ய பயோவில் லிங்க்” என்றும் சேர்த்தேன். ஃபேஸ்புக்குக்கும் போகட்டும் என்று பகிர்வு ஆனில்தான் இருந்தது. மறுநாள் என்னை ஃபாலோ செய்யாத பழைய ஆபீஸ்காரர் ஒருவர் அந்தப் படத்துக்குக் கமென்ட் போடுகிறார்! அத்தை “பயோன்னா என்னம்மா, எங்க இருக்கு?” என்று கேட்கிறார். தோழியோ “ஃபேஸ்புக்ல என் பேரையே காணோம்” என்கிறாள். ஒரே பதிவுதானே, எப்படி இப்படி?

பனைமரம்:
கணக்கைப் பிரித்துவிடுங்கள், வேலை முடிந்தது. நான் அப்படித்தான் செய்தேன், அங்கே போவதே நின்றுவிட்டது. இன்ஸ்டாவில் அழித்தால் அங்கேயும் தானாகப் போய்விடும்.

மொட்டைமாடி:
பனைமரம் சொல்வதில் முதல் பாதி சரி, இனிமேல் போடுவது போகாது. ஆனால் ஏற்கெனவே போனது போனதுதான். அது இன்ஸ்டா பதிவுக்குப் போட்ட ஜன்னல் இல்லை, ஃபேஸ்புக்கில் தனியாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு பதிவு. இங்கே கேப்ஷனைத் திருத்தினால் அங்கே திருந்தாது. இங்கே அழித்துவிட்டு அங்கேயும் போயிருக்கும் என்று நம்பாதீர்கள், போய்ப் பாருங்கள். சில பக்கங்களுக்கு நான்தான் பதிவு போடுகிறேன், விலை மாறியதை ஒரு பக்கம் மட்டும் திருத்திவிட்டு இரண்டு விலையோடு நிற்கிற கூத்தை நிறையப் பார்த்தாகிவிட்டது.

நூல்கண்டு, உங்கள் விஷயத்தில் பிரைவேட் என்பது இன்ஸ்டாவின் பூட்டு, அது நகலோடு கூடப் போகாது. ஃபேஸ்புக் நகலை யார் பார்க்கலாம் என்பதை அங்குள்ள ஆடியன்ஸ்தான் முடிவு செய்யும். பழைய ஆபீஸ்காரர் பார்த்திருக்கிறார் என்றால் ஒன்று அது பப்ளிக்கில் இருக்கிறது, இல்லை அவர் உங்கள் ஃபேஸ்புக் நண்பர். இன்ஸ்டாவில் Accounts Center போய் Sharing across profiles திறந்தால் எந்தக் கணக்குக்குப் போகிறது, யாருக்குத் தெரியும், தானாகப் போகிறதா என்பதெல்லாம் தெரியும். கணக்கை இணைப்பது வேறு, தானாகப் பகிர்வது வேறு. இணைப்பை வைத்துக்கொண்டே பகிர்வை மட்டும் நிறுத்தலாம்.

டேக் கதை வேறு. படத்தின் மேல் வைத்த டேக் இன்ஸ்டா ஐடிக்கானது, ஃபேஸ்புக்கில் அவர் வேறு பெயரில் இருப்பார், அந்த ஆள்தான் இந்த ஆள் என்று அது தானாகக் கோர்த்துக்கொள்ளாது. @ போட்டு எழுதியதும் அங்கே ஃபேஸ்புக் டேக்காக மாறாது. தோழிக்குத் தெரிய வேண்டும் என்றால் ஃபேஸ்புக் பதிவைத் திருத்தி அவரைத் தனியாக டேக் செய்யுங்கள். ஹாஷ்டேக் மட்டும் அப்படியே வரும், ஆனால் அழுத்தினால் ஃபேஸ்புக் பதிவுகளைத்தான் காட்டும்.

சுக்குக்காப்பி:
எனக்கும் இதே பிரச்சினை, என் ஸ்டோரியை யார் பார்த்தார்கள் என்று இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் காட்டுகிறது, சேர்த்துப் பார்க்க வழி உண்டா?

மொட்டைமாடி:
ஸ்டோரி பற்றி இங்கே பேச்சே இல்லையே! தனி இழை போடுங்கள்.

கரிசல்:
‘பயோவில் லிங்க்’ விஷயத்துக்கு என் வழி: இன்ஸ்டா கேப்ஷனில் லிங்க் அழுத்த வராது, அதனால்தான் அந்த வாக்கியமே. ஃபேஸ்புக்கில் லிங்க்கைக் கேப்ஷனிலேயே போடலாம், அழுத்தினால் திறக்கும். வியாபாரப் பக்கம் வைத்திருந்தால் Meta Business Suite-இல் இரண்டு இடத்துக்கும் தனித்தனி வாசகம் எழுத வசதி உண்டு, நான் அங்கேதான் எழுதுகிறேன். நகலாகப் போனால் ரீச் குறைகிறது என்றும் எனக்கு ஒரு சந்தேகம்.

மொட்டைமாடி:
ரீச் குறையும் என்பதை நான் ஏற்க மாட்டேன். அங்குள்ளவர்களுக்குப் புரியாத கேப்ஷனோடு போனால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரிவது.

கரிசல்:
என் பக்கத்தில் ஒரே வாசகத்தோடு போட்டபோதும் குறைந்ததே. சரி, விடுங்கள்.

நூல்கண்டு:
பார்த்துவிட்டேன், பப்ளிக்கில்தான் இருந்தது. அந்தப் பதிவை நண்பர்கள் மட்டும் என்று மாற்றி, லிங்க்கையும் போட்டுவிட்டேன். இதற்கு முன்னால் போன பைகள் எல்லாம் இப்படித்தான் கிடக்கும் போல, ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றணுமா?

மொட்டைமாடி:
உங்கள் சொந்த ப்ரொஃபைல் என்றால் Limit past posts என்று ஒரு செட்டிங் இருக்கிறது, பப்ளிக்கில் இருந்த பழைய பதிவுகளை மொத்தமாக நண்பர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிடும். ஆனால் நீங்கள் வேண்டுமென்றே பப்ளிக்கில் வைத்தவையும் சேர்ந்து மாறும், அதை அதே மாதிரி ஒரே அழுத்தில் திரும்பக் கொண்டுவர முடியாது. நகல்கள் கொஞ்சம்தான் என்றால் கையாலேயே மாற்றுங்கள்.