‘காலாவதி’யா, ‘கெடுமுடிவா’? மறுப்பது யார்? – கலைச்சொல் குழு மடலாடல்

கயல்விழி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

பல கணினிகளில் செயலிகளை ஓட்டி மேலாளும் குபெர்நெட்டிஸ் மென்பொருளின் பழுதுநீக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு வாக்கியத்தில் இரண்டு நாளாக நிற்கிறேன். என் வரைவு இது: “கட்டுப்பாட்டுத் தளத்தின் சான்றிதழ்கள் எவரும் கவனிக்காமலே காலாவதியாகிவிட்டதால், ஏபிஐ சர்வர் எல்லா இணைப்புகளையும் மறுக்கிறது.” ‘காலாவதி’ இருக்கட்டுமா, வேறு சொல் உண்டா? மற்றவை சரிதான் என்று நினைக்கிறேன்.

அறவாழி எழுதியது:

அம்மா கயல்விழி, ‘காலாவதி’ என்பது காலம், அவதி என்ற இரு வடசொற்களின் புணர்ச்சி. அங்கே அவதி என்றால் எல்லை. தமிழில் அது துன்பம் என்ற பொருளில்தான் புழங்குகிறது. ஒரு கால எல்லையை நாம் ஏன் அவதிப்பட்டுச் சொல்ல வேண்டும்?

‘கெடு’ என்ற சொல் கையருகே இருக்கிறது. கெடு வைத்தான், கெடு முடிந்தது என்கிறோம். ஆகவே ‘கெடுமுடிவு’. கெடு என்னும் பெயரும் கெடுதல் என்னும் வினையும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். நாள் கடந்த பொருள் கெடும். கெடும் நாளே கெடு. இதைப் பற்றித் தனி மடலே எழுதலாம்.

துரைராஜ் எழுதியது:

ஐயா, தனி மடல் வேண்டாம். ‘கெடுமுடிவு’ என்று வகுப்பில் எழுதினால் மாணவர்கள் அதை வினைத்தொகையாக விரிப்பார்கள்: கெட்ட முடிவு, கெடுகின்ற முடிவு, கெடும் முடிவு. மூன்று காலத்துக்கும் பொருத்தம்தான் என்றாலும் சான்றிதழைப் பற்றிய செய்தியாக அது இருக்காது. மருந்து அட்டையில் ‘காலாவதி’ என்று படிக்காதவர் யார்? புரிகிற சொல்லை விரட்டாதீர்கள்.

இன்னொன்று. குபெர்நெட்டிஸ் தன் சான்றிதழ்களைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். இப்படியொரு நிலை இப்போது வருமா என்பதே எனக்கு ஐயம்.

பிரபு எழுதியது:

எங்கள் தளத்துக்கும் இதே சிக்கல் வந்தது. உலாவியில் பூட்டுப் படம் சிவப்பாகிவிட்டது. `cert-manager` நிறுவினோம், அன்றிலிருந்து 90 நாள் சான்றிதழ் தானாக மாறிவிடுகிறது. அதை நிறுவச் சொல்லிக் கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

நசீமா எழுதியது:

பிரபு, நீங்கள் சொல்வது வெளியாருக்குக் காட்டும் வலைத்தளச் சான்றிதழ். கயல்விழி கேட்பது `/etc/kubernetes/pki` அடைவில் கிடக்கும் உள்சான்றிதழ்கள். `cert-manager` அவற்றைத் தொடுவதில்லை. அதுவே ஏபிஐ சர்வர் வழியாகத்தான் வேலை செய்கிறது. சர்வர் எட்டாதபோது அதுவும் கைகட்டி நிற்கும்.

துரைராஜ் சொன்னதில் பாதி உண்மை. ஒவ்வொரு கணினியிலும் ஓடும் `kubelet` தன் சான்றிதழைத் தானே மாற்றிக்கொள்கிறது. நிறுவும் கருவியான `kubeadm` உருவாக்கும் மற்றவை அப்படியல்ல. அவற்றின் ஆயுள் ஓராண்டு. பதிப்பு மேம்படுத்தும்போது அவையும் சேர்ந்து மாறிவிடும். அதனால் ஆண்டுதோறும் மேம்படுத்துகிறவர்கள் இந்தச் சிக்கலைப் பார்ப்பதே இல்லை. “நன்றாகத்தானே ஓடுகிறது” என்று தொடாமல் விட்டவர்கள்தான் மாட்டுவார்கள்.

என் வாதம் வேறு. கயல்விழி, நீங்கள் சரி என்று விட்டுவிட்ட ‘மறுக்கிறது’தான் அந்த வாக்கியத்தில் தவறு. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

2023 மார்ச் 12 அன்று நிறுவினோம். அடுத்த ஆண்டு அதே நாளுக்கு நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்தேன். `kubeadm` கணக்கில் ஓராண்டு என்பது சரியாக 365 நாள். 2024 லீப் ஆண்டு. பிப்ரவரி 29 ஒரு நாளைத் தின்றுவிட்டது. சான்றிதழ்கள் மார்ச் 11 அன்றே முடிந்தன. என் நினைவூட்டல் மறுநாள் காலையில் கடமை தவறாமல் ஒலித்தது.

அந்த ஒரு நாளில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த செயலிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அவற்றுக்கு நொடிக்கு நொடி ஏபிஐ சர்வர் தேவையில்லை. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று `kubelet` அடிக்கடி தட்டிப் பார்க்கும். ஆனால் அந்தச் சோதனையில் அது சான்றிதழைச் சரிபார்ப்பதில்லை. ஆகவே அதன் கண்ணுக்கு எல்லாம் நலம். 12ஆம் தேதி காலை முதல் கட்டளையை இட்டபோது வந்தது இது:

```
Unable to connect to the server: x509: certificate has expired or is not yet valid
```

இங்கே மறுத்தது சர்வரா? இல்லை. சர்வர் தன் பழைய சான்றிதழை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. அதை வாங்கிப் பார்த்து முகம் திருப்பிக்கொண்டது என் வாடிக்கைக் கருவியான `kubectl`.

பதற்றத்தில் ஒருவர் கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டார். உடனே செய்தி மாறியது:

```
The connection to the server 10.0.0.10:6443 was refused - did you specify the right host or port?
```

அதுவரை ஏபிஐ சர்வருக்கும் அதன் தரவுக் கிடங்கான `etcd`க்கும் இடையே பழைய இணைப்பு அறுபடாமல் இருந்தது. இரண்டும் கைகுலுக்கும் நேரத்தில்தான் சான்றிதழ் பார்க்கப்படும். மறுதொடக்கத்துக்குப் பிறகு புதிதாகக் கைகுலுக்க வேண்டிவந்தது. `etcd`யின் சான்றிதழும் அதே நாளில் பிறந்து அதே நாளில் முடிந்ததுதான். தரவுக் கிடங்கை எட்ட முடியாமல் ஏபிஐ சர்வர் எழுவதும் விழுவதுமாக இருந்தது. 6443ஆம் போர்ட்டில் எவரும் இல்லை. “இல்லை” என்று திருப்பி அனுப்பியது இயங்குதளம்.

பிறகு `kubeadm certs renew all` இட்டோம். இதற்கு ஏபிஐ சர்வர் ஓட வேண்டியதில்லை. கோப்புகளும் மூலச் சான்றிதழும் இருந்தால் போதும். மூலச் சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு, அதனால் தப்பினோம். அடுத்து, சர்வரை மறுதொடக்கம் செய்வதற்காக, `/etc/kubernetes/manifests` அடைவிலிருந்த கோப்புகளை வேறிடத்துக்கு நகர்த்தி, 20 நொடிக்கு மேல் காத்திருந்து, திரும்ப வைத்தோம். சர்வர் எழுந்தது. அப்போது மூன்றாவது செய்தி:

```
error: You must be logged in to the server (Unauthorized)
```

என் வீட்டு அடைவின் `~/.kube/config` கோப்பில் இருந்தது ஓராண்டுக்கு முன் எடுத்த நகல். அதற்குள் இருந்த என் சான்றிதழும் செத்துப்போயிருந்தது. புதிய `admin.conf` கோப்பை அங்கே நகலெடுத்ததும் சரியானது.

ஒரே காலையில் மூன்று செய்திகள். முதலாவதில் மறுத்தது வாடிக்கைக் கருவி. இரண்டாவதில் மறுக்கக்கூட ஆளில்லை. மூன்றாவதில் மட்டுமே சர்வர் மறுத்தது. மூன்றுக்கும் ‘மறுக்கிறது’ என்று எழுதினால், படிப்பவர் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியாது.

அறவாழி எழுதியது:

அருமை, நசீமா. இரண்டாம் செய்தியின் ‘was refused’ என்பதைப் பெயர்த்தால் வரும் ‘மறுக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டுவினை, வினை செய்தவரை ஒளித்துவிடுகிறது. மறுத்தவர் யார் என்பதைச் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளும் வினை. நம் அலுவலகக் கடிதங்களின் நோய்.

இரண்டாவதற்கு என்னிடம் ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் சர்வர் போர்ட்டில் ‘கேட்கிறது’ என்றுதானே சொல்கிறார்கள்? கேட்க எவரும் இல்லாத போர்ட், ‘கேட்பாரற்ற போர்ட்’. சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. பொருளும் இரட்டையாக இனிக்கிறது: செவிகொடுப்பார் இல்லை, ஓராண்டாகக் கவனிப்பாரும் இல்லை.

துரைராஜ் எழுதியது:

சிரித்துவிட்டேன், ஆனால் இரட்டுற மொழிதல் பழுதுநீக்கக் கையேட்டுக்கு ஆகாது. ‘கேட்பாரற்ற’ என்றால் அநாதை என்றுதான் என் மாணவன் புரிந்துகொள்வான். ‘போர்ட்டில் சர்வர் இல்லை’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

`kubelet` பற்றி நான் பொதுமைப்படுத்தியது தவறு. ஆனால் முதற்செய்தியில் “இன்னும் செல்லுபடியாகாத” என்றும் ஒரு பாதி இருக்கிறதே? கணினியின் கடிகாரம் பிசகினாலும் அதே செய்தி வரும். எனவே ‘காலாவதி’ என்று மட்டும் மொழிபெயர்ப்பது அரைகுறை. ‘செல்லாச் சான்றிதழ்’ என்றால் இரண்டையும் தழுவும். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அறவாழி ஐயாவுக்கும் பிடிக்கும்.

நசீமா எழுதியது:

கடிகாரத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம்; ஏற்கிறேன். ஆனால் ‘செல்லா’ என்றால் எவரோ இரத்துசெய்தது போலவும் ஒலிக்கிறது. குபெர்நெட்டிஸில் வாடிக்கைச் சான்றிதழை இரத்துசெய்ய வழியே கிடையாது; நாள் முடிவது ஒன்றுதான் அதன் சாவு. அந்த வேறுபாடு சொல்லில் தெரிய வேண்டும். என் வாக்கு காலாவதிக்கே.

நான் உண்மையில் சண்டையிட விரும்புவது ‘புதுப்பித்தல்’ என்ற சொல்லோடு. உரிமத்தைப் புதுப்பித்தால் அதே உரிமம் நீள்கிறது. இங்கே பழைய சான்றிதழ் நீள்வதில்லை. புதியது ஒன்று வழங்கப்பட்டு, பழைய கோப்பின் இடத்தில் வைக்கப்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழையதை நினைவகத்தில் வைத்துக்கொண்டே இருக்கக்கூடும். சில பகுதிகள் புதிய கோப்பைத் தாமாகப் படித்துக்கொள்ளும், எல்லாம் அல்ல. ‘புதுப்பித்துவிட்டேன்’ என்று நிம்மதியாகத் தூங்கப்போய், சில நாளில் மீண்டும் விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘மறுவழங்கல்’ என்றால், வழங்கியதை வாங்கிக்கொண்டாயா என்ற கேள்வி தானே எழும்.

அறவாழி எழுதியது:

‘மறு’ என்ற முன்னொட்டே இந்த மடலில் போதிய குழப்பம் செய்துவிட்டது. மறுப்பதும் மறு, மீள்வதும் மறு. ‘மீள்வழங்கல்’ எனலாம். ‘காலாவதி’யை நான் ஏற்கவில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன்.

கயல்விழி எழுதியது:

நாளை வெள்ளி. கடைசியாக நான் அனுப்பப்போவது இது:

“கட்டுப்பாட்டுத் தளத்தின் சான்றிதழ்கள் கவனிக்கப்படாமல் காலாவதியாகிவிட்டால், ஏபிஐ சர்வரை எவராலும் பயன்படுத்த முடியாது. திரையில் வரும் செய்தியைப் பொறுத்து, மறுப்பது வாடிக்கைக் கருவியா, சர்வரா, அல்லது போர்ட்டில் சர்வரே இல்லையா என்று பாருங்கள்.”

ஒரு வரி இரண்டாகிவிட்டது, பதிப்பாசிரியரிடம் பேசிக்கொள்கிறேன். ‘புதுப்பித்தல்’ என்றே விட்டு, ‘பிறகு மறுதொடக்கம் செய்க’ என்பதைத் தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன். நசீமா மன்னிக்க வேண்டும். ‘தளம்’ என்பது வலைத்தளத்தோடு குழம்புகிறது என்று எவரும் சொல்லாததால் நானும் சொல்லவில்லை.

நசீமா எழுதியது:

மன்னிக்க மாட்டேன். ஆனால் தடித்த எழுத்துக்கு நன்றி.

பிரபு எழுதியது:

நான் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். நசீமாவின் மடலைப் படித்துவிட்டு எங்கள் கணினியில் `kubeadm certs check-expiration` இட்டுப் பார்த்தேன். `RESIDUAL TIME` என்ற பத்தியில், மூலச் சான்றிதழ்களைத் தவிர, எல்லா வரியிலும் `9d` என்று இருக்கிறது. இதற்கு முன் நான் அந்தக் கட்டளையை இட்டதே இல்லை. இன்றிரவே வேலையைத் தொடங்குகிறேன்.

அந்தப் பத்திக்குத் தமிழில் என்ன? ‘எஞ்சிய காலம்’?

அறவாழி எழுதியது:

‘காலம்’ வேண்டாம். ‘எஞ்சுநாள்’.