புதுப்பிப்பு: பெர்சல்பேட்–அயோடைடு அட்டவணையின் வேக விதி

பெர்சல்பேட், அயோடைடு செறிவுகளையும் அவற்றுக்கான வினை வேகத்தையும் தரும் மூன்று வரிசை அட்டவணை பற்றிய என் கேள்வி: "முதல் வரிசையிலும் மூன்றாம் வரிசையிலும் வேகம் ஒன்றே, வினைவகையை எப்படிக் காண்பது?"

உதவிய அனைவருக்கும் நன்றி. ஒரு செறிவு மாறாத வரிசைகளை மட்டும் இணைத்து வகுக்கும்படி ஆசிரியர் ஒருவர் சொன்ன வழியே பலித்தது. அயோடைடு 0.017 M ஆக நிற்கும் 2, 3 ஆம் வரிசைகளில், பெர்சல்பேட் 0.080இலிருந்து 0.16 ஆனதும் வேகம் 1.1×10⁻⁴இலிருந்து 2.2×10⁻⁴ M/s ஆக இரட்டிக்கிறது. பெர்சல்பேட் 0.080 M ஆக நிற்கும் 1, 2 ஆம் வரிசைகளில் அயோடைடு 0.034இலிருந்து பாதியாக, வேகமும் பாதியாகிறது.

வேகம் = k[S₂O₈²⁻][I⁻], k ≈ 0.081 M⁻¹s⁻¹.

நான் எதிர்பாராதது, முதல் வரிசைக்கும் மூன்றாவதற்கும் இடையே ஒன்று பாதியாகி மற்றது இரட்டித்து ஒன்றையொன்று ஈடுசெய்ததுதான். சமன்பாட்டின் கெழுக்களையே அடுக்குகளாக்கச் சொன்ன நண்பருக்குப் பெர்சல்பேட்டின் 1 சரியாக அமைந்தது. அயோடைடின் 3 உண்மையாயின் வேகம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். நேரம்–செறிவு அட்டவணை தந்த இன்னொருவரின் கணக்குக்கு இவ்வழி நேரடியாகப் பொருந்தாது. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.