ஆஃபர் லெட்டருக்குத் தமிழ்: நியமனமா, முன்மொழிவா?

பட்டர்வொர்த்திலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். நான் வேலை செய்யும் அறவாரியம் தமிழ்ப் பாலர் பள்ளிகளை நடத்துகிறது. தேர்வான ஆசிரியைகளுக்குத் தமிழிலேயே மின்னஞ்சல் அனுப்புகிறோம். இத்தனை நாள் அதற்கு ‘நியமனக் கடிதம்’ என்றுதான் தலைப்பு. போன மாதம் அதுவே வம்பாகிவிட்டது.

5ஆம் தேதி வியாழக்கிழமை ஒருவருக்கு எழுதினோம். மாதம் 2,400 வெள்ளி, மூன்று மாதம் தகுதிகாண் காலம், அடுத்த மாதம் 1ஆம் தேதி வேலையில் சேர வேண்டும். கீழே, ‘இக்கடிதம் 11ஆம் தேதி மாலை 5 மணி வரை செல்லுபடியாகும்’ என்று ஒரு வரி. 10ஆம் தேதி அவர் பதில் போட்டார்: ‘மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். ஆனால் 15ஆம் தேதிதான் சேர முடியும்.’ எங்களுக்கு 1ஆம் தேதியே வகுப்புக்கு ஆள் வேண்டும். ‘இந்த இடத்தை இனி உங்களுக்குத் தர இயலாது’ என்று 11ஆம் தேதி காலை அவருக்கு எழுதிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டோம். பிற்பகல் 3 மணிக்கு மறுபடியும் அவருடைய மின்னஞ்சல்: ‘சரி, 1ஆம் தேதியே வருகிறேன். 5 மணி வரை நேரம் இருக்கிறதே! நியமித்துவிட்டு எப்படி வேண்டாம் என்பீர்கள்?’

அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. நாங்கள் போட்ட சொற்கள் அப்படி. ஆஃபர் லெட்டருக்கும் அந்தக் கடைசி நாளுக்கும் சரியான தமிழ் என்ன?

பாயான் லெப்பாஸிலிருந்து

அக்கா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ‘வாய்ப்புக் கடிதம்’ என்று வையுங்கள். எங்கள் ஃபேக்டரியில் மலாயில் ‘சூராட் தாவாரான்’ என்பார்கள். அந்தத் ‘தாவார்’தான் பாசாரில் மீனுக்கு விலை பேசுவதும். பேசி முடிக்காத சங்கதி என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் 5 மணி வரை என்று எழுதிக் கொடுத்த பிறகு அதற்கு முன்னால் நீங்கள் பின்வாங்க முடியாது. அந்த டீச்சர் சொல்வதுதான் சரி. அது சட்டம்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

தம்பி, விலை பேசுவது பற்றிச் சொன்னது சரி. சட்டம் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. நம் ஒப்பந்தச் சட்டம் 1950இன் 5ஆம் பிரிவுப்படி, ஏற்பைத் தெரிவிப்பது முழுமையாகும் வரை முன்மொழிந்தவர் தன் முன்மொழிவை, அதாவது ஆஃபரை, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். கெடு வைத்ததாலேயே அதுவரை காத்திருக்கக் கடமை வந்துவிடாது. காத்திருப்பதற்கென்று தனியாகப் பணமோ வேறு பிரதிபலனோ வாங்கியிருந்தால் கதை வேறு. வேலைக் கடிதத்தில் யாரும் அப்படி வாங்குவதில்லை. ஆனால் திரும்பப் பெறுவதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். தங்கை காலையிலேயே எழுதியது நல்லதாயிற்று. சொல்லாமல் அடுத்தவரைக் கூப்பிட்டிருந்தால் சிக்கல்தான்.

இந்தச் சம்பவத்தில் அதுவரைக்கும்கூடப் போக வேண்டாம். ஏற்பு முழுமையாக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. ‘ஏற்கிறேன், ஆனால் 15ஆம் தேதிதான்’ என்பது ஏற்பு ஆகாது. அது அவர் உங்கள் முன் வைத்த புது முன்மொழிவு. அது வந்ததும் பழையது விழுந்துவிடும். மறுநாள் ‘சரி, 1ஆம் தேதி’ என்றாலும் அது தானாக எழுந்து வராது.

இங்கே தமிழில் ஒரு எழுத்துதான் எல்லாம். ‘15ஆம் தேதி சேரலாமா?’ என்று அவர் கேட்டிருந்தால் அது விசாரிப்பு. விசாரித்ததால் எதுவும் விழாது. முதல் முன்மொழிவு அப்படியே நிற்கும். ‘ஆனால்’ போட்டார், போயிற்று. ‘ஆ’ போட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

‘செல்லுபடியாகும்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பால் பாக்கெட்டில் இருக்கும் தேதி மாதிரி, அதுவரை கெடாது என்று வாக்குக் கொடுப்பதாகப் படுகிறது. ‘ஏற்புக் கெடு’ போதும். ‘நியமனம்’ கூடவே கூடாது. அது முடிந்த காரியத்தைச் சொல்லும் சொல். அதை நம்பி ஒருவர் இருக்கிற வேலையை விட்டுவிடுவார்.

சுங்கை பட்டாணியிலிருந்து

பெரியவர்களுக்கு வணக்கம். ஆஃபர் லெட்டர் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். என் மகனுக்கும் போன வாரம் வந்தது, சம்பளம் 4,800. இபிஎஃப்புக்கு முதலாளி எவ்வளவு போட வேண்டும்? கடிதத்தில் ‘சட்டப்படி’ என்று மட்டும் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

ஐயா, சம்பளம் 5,000 வெள்ளிக்குள் என்பதால் முதலாளி பங்கு 13 விழுக்காடு, மகனுடையது 11. ‘சட்டப்படி’ என்றிருந்தால் பயமில்லை. அதைவிட, இப்போதைய வேலையில் எத்தனை மாத நோட்டீஸ் என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாத நோட்டீஸை வைத்துக்கொண்டு அடுத்த மாதமே சேர்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால், குறைகிற நாளுக்கு அவர் கையிலிருந்து பணம் கட்ட நேரிடும்.

பாயான் லெப்பாஸிலிருந்து

5ஆம் பிரிவு எனக்குத் தெரியாது அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘கெடு’ வேண்டாம். கெடு வைப்பது ஆலோங் செய்கிற வேலை. வேலை கொடுக்கிறவர் ஆலோங் மாதிரி பேசலாமா?

அதோடு இதெல்லாம் மின்னஞ்சல்தானே, கையெழுத்து இல்லாமல் எது ஒப்பந்தம்?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

மின்னஞ்சல் என்பதாலேயே ஒப்பந்தம் செல்லாமல் போகாது. 2006ஆம் ஆண்டின் மின்வணிகச் சட்டம் அதைத் தெளிவாக்கிவிட்டது. ‘ஏற்கிறேன்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். கையெழுத்திட்ட பிரதி வேண்டுமென்றால், ஏற்பு அந்த வழியில்தான் வர வேண்டும் என்று கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டு வணிகவியல் பாடநூல்களில் ‘முனைவு’ என்பார்கள். துல்லியமான சொல்தான். ஆனால் இங்கே ‘பணி முனைவு’ என்று அனுப்பினால் முனைவர் பட்டத்துக்கு ஏதோ என்று நினைப்பார்கள். ‘முன்வைப்பு’ என்றால் வங்கி வைப்புத்தொகை ஞாபகம் வரும். ‘அழைப்பு’ என்றால் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவது. நம் ஒப்பந்தச் சட்டத்தின் ஆங்கில வடிவில் இதைக் குறிக்கும் சொல்லின் நேர்ப்பொருளும் முன்மொழிவுதான். ஆகவே என் ஓட்டு ‘பணி முன்மொழிவு’.

பட்டர்வொர்த்திலிருந்து

எங்கள் தலைவரிடம் காட்டினேன். ‘முன்மொழிவா? அப்போ வழிமொழிகிறவர் யார்?’ என்று கேட்டுவிட்டார். கோயில் ஆண்டுக்கூட்டம் நடத்திப் பழகியவர். ஆனாலும் ‘நியமனம்’ வேண்டாம் என்பதில் அவருக்கும் சம்மதம். ‘கெடு’ அவருக்கும் பிடிக்கவில்லை, தம்பிக்கு ஒரு ஓட்டு கூடிற்று. அதனால் நாளுக்குத் தனிச்சொல் போடாமல் வாக்கியமாகவே எழுதிவிட்டேன். அடுத்த ஆளுக்குப் போகிற வரைவு இது:

*பொருள்: பணி முன்மொழிவு – பாலர் பள்ளி ஆசிரியை*

*இம்முன்மொழிவை ஏற்பதாயின், ‘இதிலுள்ளபடியே ஏற்கிறேன்’ என்ற உங்கள் பதில் 18ஆம் தேதி புதன்கிழமை மாலை 5 மணிக்குள் எங்களுக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் இம்முன்மொழிவு தானாக நீங்கிவிடும். உங்கள் ஏற்பு வரும் முன் இதைத் திரும்பப் பெற்றால் உடனே தெரிவிப்போம். சேரும் நாளிலோ சம்பளத்திலோ மாற்றம் வேண்டுமானால், ஏற்பதற்கு முன்பே கேள்வியாக எழுதிக் கேளுங்கள். கேட்பதால் முன்மொழிவு நீங்காது. எங்கள் பதில் கிடைத்தபின் முடிவு செய்யலாம். ஆனால் மேற்சொன்ன நேரம் மாறாது. பணி நியமனக் கடிதம் உங்கள் ஏற்புக்குப் பிறகு தனியாக வரும்.*

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

நன்று. கடைசி வரியைக் கொஞ்சம் யோசியுங்கள் தங்கை. ஏற்பு வந்தவுடனே ஒப்பந்தம் ஆகிவிட்டது. நியமனக் கடிதம் வந்த பிறகுதான் வேலை உறுதி என்று அவரும் நினைக்கக்கூடாது, உங்கள் தலைவரும் நினைக்கக்கூடாது. மருத்துவச் சோதனையில் தேறினால்தான் எடுப்போம் என்றால் அதையும் இந்த மடலிலேயே எழுத வேண்டும், பிறகு சேர்க்க முடியாது.

பாயான் லெப்பாஸிலிருந்து

வாக்கியம் நன்றாக இருக்கிறது அக்கா. ஆனால் தலைப்புக்கு நான் இன்னும் ‘வாய்ப்பு’ பக்கம்தான்.

சுங்கை பட்டாணியிலிருந்து

நன்றி. மகனுக்கு இரண்டு மாத நோட்டீஸாம். சேரும் நாளைத் தள்ளிப்போட முடியுமா என்று இன்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். ‘ஆனால்’ போடாமல்.